ஏரிக்கு மேல் வாணவேடிக்கை

அந்த ஸ்டுடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலாளியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோருக்கும் அவள் ‘வானம்மா’. கல்யாணப் படங்களில் வானம் வெளுத்துப்போயிருந்தால், மேகம் மூடியிருந்தால், நிலா வராத இடத்தில் நிலா வேண்டுமென்று யாராவது ஆசைப்பட்டால், அந்தப் படங்கள் எல்லாம் பின்னறையில் அவள் மேசைக்குத்தான் வரும். ஜன்னல் இல்லாத அறை. வெளிச்சம் மாறினால் கண் ஏமாந்துவிடும் என்று முதலாளியே அடைத்துவிட்டார். நாள் முழுக்க வானத்தோடு வேலை, அவள் மேசையிலிருந்து ஒரு துண்டு வானம் தெரியாது.

பதினெட்டு வயதில் ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டுடியோவில் மையைத் தொட்டுப் படங்களில் கீறல் மறைக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வலது மணிக்கட்டில் பட்டை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, முதுகுக்கு ஒரு தலையணை. வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறார். சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்தால் யார் முதலில் எழுந்து அடுப்பைப் பற்றவைப்பது என்பதில் ஒரு மௌனப் போட்டி நடக்கும். கல்லூரிக்குப் போகும் மகள் வந்து, “ரெண்டு பேரும் அப்படியே ஃபோட்டோ மாதிரி உக்காந்திருங்க” என்று சொல்லிவிட்டு அவளே பற்றவைப்பாள்.

வேலை கெட்டிக்காரத்தனம் கேட்கிற வேலைதான். ஆனால் கேட்கிறவர்களுக்கு அது புரியாது. எல்லோருக்கும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நிலா வேண்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலைத் தூக்கினால் அந்த நகத்துக்குப் பின்னால் முழு நிலாவும் ஒளிந்துகொள்ளும், அவ்வளவுதான் அது. மண்டபத்தையும் மரங்களையும் ஜனத்தையும் சேர்த்து அகலமாக எடுத்த படத்தில் நிலா மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வெகுதூரத்தில் நின்று, நீளமான லென்ஸால் இழுத்து எடுத்த படத்தில் மட்டும்தான் நிலாவுக்குப் பெரிதாக இருக்க உரிமை உண்டு. இதை அவள் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டாள். “சின்னதா இருந்தா வெச்சதே தெரியாதேம்மா” என்பார்கள். தெரியக்கூடாது என்பதற்குத்தானே இத்தனை பாடு என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுப்பாள். ஒருமுறை வேறொரு கடையில் செய்த படத்தைச் சரிபார்க்கக் கொண்டுவந்தார்கள். பிறையின் இருண்ட பாகத்துக்குள் ஒரு நட்சத்திரம் மின்னிக்கொண்டிருந்தது. “நிலாவுல ஓட்டை போட்டிருக்காங்க” என்று அவள் சொன்னதைக் கேட்டு முதலாளி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். அப்படிச் சிரித்த நாட்கள் பின்னால் குறைந்துவிட்டன.

அந்த ஏரிக்கரைக் கல்யாணம் மழைக்காலத்துக்கு முன்னால் வந்தது. ஊருக்கு வெளியே ஏரியை ஒட்டி ஒரு தோட்ட மண்டபம். ஏரியில் பறவைகள் கூடு வைக்கும் என்பதால் அங்கே வெடிகளுக்கும் வாணங்களுக்கும் தடை. மண்டபத்தின் அனுமதியே அந்த நிபந்தனையின் மேல்தான் நிற்கிறது. ஆனால் கல்யாணப் பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து ஓர் ஆசை, தன் கல்யாணத்தில் வானம் பூக்க வேண்டும் என்று. படங்கள் வந்த மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போன் செய்தாள்.

“ஏரிக்கு முன்னாடி நாங்க நிக்கிற படம் இருக்குல்ல, அதுல மட்டும் வாணவேடிக்கை வெச்சுக் குடுங்க. ஆனா வெச்ச மாதிரி தெரியக்கூடாது. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது.”

முதலாளி ஒத்துக்கொண்டு படத்தைப் பின்னறைக்கு அனுப்பினார்.

அவள் இரண்டு நாள் அதில் உட்கார்ந்தாள். சாயங்காலம் மங்கிய நேரத்துப் படம். மணமக்கள் முகத்தில் கேமராவின் ஃபிளாஷ் வெளிச்சம். அவர்களுக்குப் பின்னால் ஏரி, அக்கரையில் மரங்கள், மேலே சாம்பல் பூசிய வானம். முதலில் வானத்தை இருட்டினாள். வெளிச்சமான வானத்தில் வாணம் எடுபடாது, பால் ஊற்றிய கோலம் போலக் கரைந்துவிடும். பிறகு தன் சேமிப்பிலிருந்து கறுப்பு வானத்தில் எடுத்த வாணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மிக நீளமாக வழியும் கோடுகள் உள்ளவற்றை ஒதுக்கினாள். அப்படிக் கோடு விழ வேண்டுமென்றால் கேமரா சில விநாடிகள் கண் திறந்திருக்க வேண்டும். அத்தனை நேரம் திறந்திருந்தால் மணப்பெண்ணின் பறக்கும் முடி இத்தனை கூர்மையாக வந்திருக்காது. குட்டையான கோடுகளோடு ஒரு பெரிய பூவும் இரண்டு சின்னப் பூக்களும் கிடைத்தன. அக்கரை மரங்களின் உயரத்தை வைத்து அவற்றின் அளவை முடிவுசெய்தாள். கறுப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தங்கும்படி வானத்தின் மேல் இட்டாள். பெண்ணின் முடி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கமே புகையைச் சாய்த்தாள்.

தண்ணீரில்தான் அதிக நேரம் போனது. பூவைத் தலைகீழாகத் திருப்பி வைத்தால் பிரதிபலிப்பு ஆகிவிடாது. அலையடிக்கிற தண்ணீரில் அது கீழ்நோக்கி நீண்டு, மங்கி, துண்டு துண்டாக உடையும். அலை அலையாக உடைத்தாள். பிறகு வெளிச்சம். வாணம் பின்னால் வெடிப்பதால் மணமக்களின் முகத்தைத் தொடவில்லை. முடியின் ஓரத்தில், தோள்களின் விளிம்பில், காதின் நுனியில் மட்டும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. படத்தின் இடது ஓரத்தில், தண்ணீர்ப் பக்கத்துச் சின்னக் கேட்டின் அருகே, தொப்பி போட்ட ஒருவர் ஏரியைப் பார்த்தபடி நின்றிருந்தார். கட்டைவிரல் உயரம்கூட இல்லை. அவரை விட்டுவிட்டால் கண் அங்கே போய்த் தடுக்கும். அவருடைய தொப்பியிலும் ஒரு கன்னத்திலும் தோளிலும் அதே ஆரஞ்சைத் தடவினாள்.

வானத்தில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தாள், கொக்குகள். சிறகை விரித்து, கால்களைத் தொங்கவிட்டு மரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. இத்தனை பக்கத்தில் வாணம் வெடிக்கும்போது எந்தக் கொக்கு இப்படி நிதானமாக இறங்கும்? ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில், மங்கிய வெளிச்சத்தில் கேமரா விடுகிற மணல் போன்ற புள்ளிகளைப் புது வாணத்தின் மேலும் தூவிவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

முதலாளி பார்த்துவிட்டு, “வானம்மா, எனக்கே சத்தம் கேக்குது” என்றார்.

அவளுக்கு அந்தப் பாராட்டைவிட டீ தேவைப்பட்டது.

ஆல்பம் அச்சாவதற்கு முன்பே பெண் அந்த ஒரு படத்தை வாங்கிப் போனில் எல்லோருக்கும் அனுப்பினாள். அது எங்கெங்கோ போனது. ஸ்டுடியோவில் அதற்கப்புறம் அந்தப் படத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. அடுத்த கல்யாணங்கள் வரிசையில் நின்றன.

ஒருநாள் மத்தியானம், முதலாளி வெளியே படமெடுக்கப் போயிருந்த நேரம், முன்னறையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். வெளுத்த சட்டை, கையில் சுருட்டிய தொப்பி. வரவேற்பு மேசையில் ஆள் இல்லாததால் இவள்தான் எழுந்து வந்தாள்.

“படம் எடுக்கிற ஐயா இல்லீங்களா?”

“வெளிய போயிருக்கார். என்ன விஷயம்?”

“அவர்கிட்டதான் கேக்கணும். அவர்தான் அன்னிக்கு அங்க இருந்தாரு.” பெரியவர் ஒரு காதைக் கொஞ்சம் முன்னால் திருப்பிக்கொண்டார். “கொஞ்சம் சத்தமா பேசுங்கம்மா. இந்தக் காது மந்தம்.”

அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்து, விரலால் தேடி, அவளிடம் நீட்டினார். அதே படம். மூன்று பூக்கள், தண்ணீரில் உடைந்த வெளிச்சம்.

“நான் அந்த ஏரி மண்டபத்துல வாட்ச்மேனா இருந்தேன். அந்தக் கல்யாணத்தன்னிக்கு எனக்குத்தான் தண்ணிப் பக்கத்து கேட்டு. யாரும் வாணம் கொண்டு போகக்கூடாதுன்னு பாக்கிறதுதான் என் வேலை. ஏரி ஆபீஸ்ல இந்தப் படத்தைப் பாத்துட்டு மேனேஜரம்மாவுக்கு நோட்டீஸ் விட்டுட்டாங்க. அன்னிக்கு அவங்க ஊர்ல இல்ல. என்னைக் கூப்பிட்டு, உன் கண்ணு முன்னாடியே வெடிச்சிருக்காங்க, நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்டாங்க. யாரும் வெடிக்கலையேம்மான்னேன். இந்தப் படத்தைக் காட்டினாங்க. வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.”

 அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் தொடர்ந்தார்.

“வேலை போனா போகட்டும். நான் கேக்க வந்தது அது இல்ல. எனக்குக் காது மந்தம்தான். ஆனா வாணம் வெடிச்சா செவிடனுக்கும் நெஞ்சு அதிருமே. நான் தூங்கலம்மா. நின்னுட்டுத்தான் இருந்தேன். இங்க பாருங்க, நிக்கிறேன்.” படத்தின் இடது ஓரத்தை விரலால் பெரிதாக்கினார். “என் மேலேயே வெளிச்சம் விழுந்திருக்கு. தொப்பில, மூஞ்சில. நான் அதைப் பாத்துக்கிட்டே நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் நினைவுல இல்ல. என் பையன் பயந்துபோய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். கடிகாரம் வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன். இன்னிக்கு என்ன கிழமைன்னாங்க, சொன்னேன். அப்பவும் என் பையன் நம்பல. ராத்திரி அடுப்பை நான் அணைச்சேனான்னு ரெண்டு தடவை வந்து பாக்கிறான். நானும் இப்பல்லாம் பாக்க ஆரம்பிச்சுட்டேன். அதான் படம் எடுத்தவரையே கேட்டுடலாம்னு வந்தேன். எத்தனை மணிக்கு வெடிச்சாங்க? அப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?”

ஸ்டுடியோவில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள். மணிக்கட்டுப் பட்டையின் ஓரம் அழுக்காகியிருந்தது.

“ஐயா, அன்னிக்கு வாணமே வெடிக்கல” என்றாள்.

“கேக்கலம்மா.”

“வெடிக்கல! யாரும் வெடிக்கல! நான்தான் வெச்சேன். கம்ப்யூட்டர்ல.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். முகத்தில் கோபம் வரவில்லை. தன்னை ஆறுதல்படுத்தப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலிருந்தது.

“நீங்க நல்லவங்க. ஆனா தண்ணில தெரியுதேம்மா. என் மேல விழுந்திருக்கே.”

“உள்ள வாங்க” என்று அவரைப் பின்னறைக்கு அழைத்துப்போனாள்.

படத்தின் கோப்பைத் திறந்தாள். அது ஒன்றன் மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை அடுக்கியது போல இருக்கும். வானம் ஒரு தாள், புகை ஒரு தாள், தண்ணீர் வெளிச்சம் ஒன்று, தோள் வெளிச்சம் ஒன்று. பெரிய பூவை அணைத்தாள். வானத்திலிருந்து மறைந்தது. சின்னப் பூக்களை அணைத்தாள். புகை போனது. பெரியவர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். வானம் இருண்டு கிடக்க, தண்ணீரில் மட்டும் வெளிச்சம் மிதந்தது. அதையும் வானத்தின் இருட்டையும் அணைத்தாள். பிறகு படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கி, கடைசித் தாளைத் தொட்டாள். அவர் தொப்பியிலிருந்த ஆரஞ்சு அணைந்தது. கன்னத்திலிருந்தும் தோளிலிருந்தும் அணைந்தது. சாம்பல் வெளிச்சத்தில் ஒரு வாட்ச்மேன், கேட்டுப் பக்கத்தில்.

பெரியவர் திரையை இன்னும் நெருங்கினார்.

“அப்ப நான் எதைப் பாத்துட்டு நிக்கிறேன்?”

அவளிடம் இன்னும் ஒரு தாள் இருந்தது. அழித்தவற்றின் மேல் பூசிய தாள். அதையும் எடுத்தாள். கொக்குகள் வந்தன.

“இதைத்தான்!” அவர் குரல் அறைக்குள் பெரிதாக ஒலித்தது. “இதைத்தான் சொன்னேன் நான்! கொக்கு வந்து இறங்குச்சு, அமைதியா இறங்குச்சு, வாணம் வெடிச்சிருந்தா இறங்குமான்னு மேனேஜரம்மாகிட்ட சொன்னேன். படத்துல கொக்கே இல்லையேன்னாங்க. அப்புறம் எனக்கும் சந்தேகம் வந்துடுச்சு, வேற என்னிக்கோ பாத்ததோன்னு.”

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் வெளியே போய் டீ சொல்லிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது அவர் கேட்டார்:

“எதுக்கும்மா கொக்கை எடுத்தீங்க?”

“வாணத்துக்குப் பக்கத்துல அது இருந்தா நம்பமாட்டாங்க.”

“ம்” என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் கோபம் வந்தது. “என் மேல எதுக்கு வெளிச்சம் போட்டீங்க? நான் ஒரு மூலைல நிக்கிறேன். என்னை விட்டிருக்கலாம்ல?”

அதற்கும் பதில் அதேதான். அவள் சொல்லவில்லை. “தப்புதான் ஐயா” என்றாள். டீ வந்தது. அவர் அதைக் குடித்துவிட்டு, தன் வீடு இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் முதலாளி வந்ததும் அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கேமராப் பையைக்கூட இறக்காமல் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் முகம் சுருங்கியது.

“பாவம்தான். ஆனா பொண்ணு யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா. புருஷன் வீட்ல, கல்யாணத்துக்கு வராதவங்க முன்னாடி பெருமைக்குச் சொல்லியிருக்கா. நாம போய் அது டூப்னு சொன்னா அவ மானம் போகும். இன்னொரு கல்யாணத்துக்கு யாரு நம்மளைக் கூப்பிடுவாங்க?”

“அவ மானம் போகும்னு இவருக்குப் புத்தி போகணுமா?”

“நான் அப்படிச் சொல்லல வானம்மா.”

“எனக்குச் சண்டை போடத் தெம்பில்ல சார். காலையில நான் அந்த மண்டபத்துக்குப் போறேன். நீங்க வந்தா கார்ல போலாம். வரலைன்னா பஸ்ல போறேன்.”

வீட்டில் அன்று யார் அடுப்பைப் பற்றவைப்பது என்ற போட்டியே நடக்கவில்லை. அவள் படுத்துவிட்டாள். வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நீ சொன்னதைத்தானே செஞ்ச. உன் மேல என்ன தப்பு?” என்றார். அவள் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு மூடியபடியே, “நல்லா செஞ்சதுதான் தப்பு. கொஞ்சம் மோசமா செஞ்சிருந்தா அவர் பொழைச்சிருப்பார்” என்றாள்.

காலையில் முதலாளி காரோடு வந்திருந்தார். வழியில் பெரியவரையும் ஏற்றிக்கொண்டார்கள். வண்டியில் முதலாளி கல்யாணப் பெண்ணுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் முதலில் கோபம் கேட்டது, பிறகு அழுகை. “எனக்கு எப்படி சார் தெரியும்? ஒரு ஆசைக்குப் போட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “யாருன்னே எனக்குத் தெரியாதே அவரை” என்றாள். பிறகு, “சொல்லிடுங்க. நானும் படத்தை எடுத்துடறேன்” என்று வைத்துவிட்டாள்.

மண்டபத்தின் மேனேஜர் நாற்பது வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம். இவர்களைவிட அவருக்குத் தூக்கம் குறைவு என்று பார்த்ததும் தெரிந்தது. ஏரி அலுவலகம் அனுமதியை ரத்து செய்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருந்தார். பெரியவரைக் கண்டதும் பார்வையைத் தாழ்த்தினார். முதலாளி மடிக்கணினியைத் திறந்து அசல் படத்தையும் வாணம் வைத்த படத்தையும் காட்டினார்.

மேனேஜர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“சார், கோவிச்சுக்காதீங்க. இதை நான் எப்படி நம்புறது? வாணத்தை வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதை எடுக்கத் தெரியாதா? இவர் பாவம்னு நீங்க இப்ப எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?”

நியாயமான கேள்வி.  பெரியவர் காது கேட்காமல் இவர் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

வானம்மா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். கேமரா எழுதிய மூலக் கோப்புகளை, கை வைக்காதவற்றை, வரிசையாகத் திறந்தாள். முதலாளி அந்தச் சாயங்காலம் அதே இடத்தில் நின்று விடாமல் அழுத்தித் தள்ளியிருந்தார். ஒன்றன் பின் ஒன்றாகப் படங்கள். ஒன்றில் பெண் கண்ணை மூடியிருந்தாள், ஒன்றில் மாப்பிள்ளை தும்மிக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் அதே சாம்பல் வானம், புகையில்லாத வானம். கொக்குகள் முதல் படத்தில் உயரத்தில், அடுத்ததில் தாழ, அதற்கடுத்ததில் மரத்தில்.

“எல்லாப் படத்துலயும் உக்காந்து வாணத்தை எடுக்கிறதுன்னா நான் ஒரு மாசம் வேற வேலையே பாக்க முடியாது” என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். முதலாளியைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது, தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவள் திறந்துவிட்டாள்.

வேறொரு கல்யாணம். மலையடிவாரம், வேறு மணமக்கள், வேறு வானம். மேலே ஒரு பெரிய பூ.

“இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி செஞ்சது. அந்தப் பூவைப் பாருங்க. வலப்பக்கம் ஒரு தீப்பொறி மட்டும் தனியா வளைஞ்சு போகுதா? இப்ப ஏரிப் படத்துல இடப்பக்கம் பாருங்க.”

மேனேஜர் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் பார்த்தது போல அதே வளைவு, அதே தீப்பொறி.

“ரெண்டு இடத்துலயும் ஒரே பூவா?”

“திருப்பிப் போட்டேன். நிறம் மாத்தினேன். நெஜ வாணம் ரெண்டு தடவை ஒரே மாதிரி வெடிக்காதுங்க.”

மேனேஜர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். “சார், போன வருஷம் என் தங்கச்சி கல்யாணத்துக்கும் நீங்கதானே எடுத்தீங்க? அவ படத்துல இருக்கிற நிலா?”

முதலாளி தொண்டையைச் செருமினார். “அது… கொஞ்சம் உதவி பண்ணினோம்.”

மேனேஜர் சிரிக்கத் தொடங்கினார். சிரிக்க விரும்பியவர் போலத் தெரியவில்லை, களைப்பில் தானாக வந்தது. பெரியவர், “என்னம்மா சொல்றாங்க?” என்று கேட்டார். வானம்மா அவர் நல்ல காதுப் பக்கம் குனிந்து, “நம்பிட்டாங்க ஐயா” என்றாள்.

மேனேஜர் எழுந்து வந்து பெரியவர் முன்னால் நின்றார். “நீங்க சொன்னப்ப நான் கேட்டிருக்கணும். நாளைக்கே வந்துடுங்க.” அவர் மெதுவாகப் பேசியதால் அதுவும் பெரியவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சத்தமாக மன்னிப்புக் கேட்பது அந்தம்மாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பெரியவர் உடனே சரி என்று சொல்லவில்லை. “வீட்ல கேட்டுட்டு வர்றேன்” என்றார். வெளியே வந்து கார் அருகே நின்றபோது வானம்மாவிடம் கேட்டார்:

“அந்தக் கொக்கு இருக்கிற படம், அதை மட்டும் ஒண்ணு போட்டுக் குடுப்பீங்களா? என் பையனுக்குக் காட்டணும்.”

“பெருசா போட்டுத் தர்றேன்.”

“பெருசா வேண்டாம். நான் தெரிஞ்சா போதும். அப்புறம் இன்னொண்ணு. ஆல்பத்துல அந்த வாணப் படம் போடுவீங்களா?”

அது பெண்ணின் முடிவு. அதற்குள் அவள் முதலாளிக்கு மறுபடி போன் செய்து சொல்லிவிட்டாள். போனிலிருந்து படத்தை எடுத்துவிட்டாள், ஆனால் ஆல்பத்தில் இருக்கட்டும் என்றாள். வீட்டுக்குள் இருப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லையாம். இதை வானம்மா சொன்னதும் பெரியவர் தலையசைத்தார்.

“இருக்கட்டும். கல்யாணம் அவங்களோடது. ஆனா அதுல நான் வேண்டாம்மா. என்னைத் தூக்கிடுங்க.”

அன்று மத்தியானம் அவள் அந்தக் கோப்பைத் திறந்தாள். முதலில் கொக்குப் படத்தைத் தொடாமல் அப்படியே அச்சுக்கு அனுப்பினாள். நிறம்கூடச் சரிசெய்யவில்லை. பிறகு வாணப் படத்தின் இடது ஓரத்துக்குப் போனாள். செடி வரிசையிலிருந்து இலைகளை எடுத்து அவர் காலை மறைத்தாள், கேட்டின் கம்பிகளை நீட்டி அவர் மார்பை மறைத்தாள், தண்ணீரின் ஒரு துண்டால் தொப்பியை. இலைகளுக்கும் ஆரஞ்சு விளிம்பு வேண்டியிருந்தது, போட்டாள். அது எளிய வேலைதான். ஆனாலும் நடுவில் இரண்டு முறை கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

பெரியவர் வேலைக்குத் திரும்பினார். முதலில் வண்டி நிறுத்துமிடத்தில் போட்டார்கள், பழைய இடத்துக்கே விடச்சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். காதுக்கு மெஷின் மாட்டிக்கொண்டார். அடுப்பை மகன் வந்து பார்ப்பது நின்றுவிட்டதாகவும், தான் இன்னும் பார்ப்பதாகவும் படத்தை வாங்க வந்தபோது சொன்னார். அந்தப் பழக்கம் போகவில்லை. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார், அவளால் சிரிக்க முடியவில்லை.

வானம்மா வேலையை விடவில்லை. விட்டுவிட்டு வேறென்ன செய்வது? நிலாவைப் பெரிதாக்கிக் கேட்கிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஒரேயொரு மாற்றம். வானத்தில் எதையாவது சேர்க்கச் சொல்லிப் படம் வந்தால், தொடுவதற்கு முன்னால் அதை ஓரங்கள் வரை பெரிதாக்கி, மூலை முடுக்கெல்லாம் பார்க்கிறாள். தெரியாத முகம் இருந்தால் முன்னறைக்குப் போய் முதலாளியிடம் கேட்கிறாள்.

“இந்த ஓரத்துல நிக்கிறது யாரு சார்?”

“யாரோ. சமையல்காரரா இருக்கும். எதுக்கு?”

“கேட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் வெக்கிறேன்.”

முதலாளி பெருமூச்சு விட்டபடி போனை எடுக்கிறார். பதில் வரும்வரை அவள் முன்னறை வாசலில் நின்று, கட்டடங்களுக்கு நடுவே தெரிகிற துண்டு வானத்தைப் பார்க்கிறாள். பெரும்பாலும் அங்கே மின்கம்பிகளும் வெறும் சாம்பல் நிறமும்தான் இருக்கும். கண்ணுக்கு அது இதமாக இருக்கிறது என்கிறாள்.